வட்டி அச்சில் நிற்கிறது, அது கோட்டைத் தள்ளாது: முதலாண்டுப் பிள்ளைகளுக்கு என் கடிதம்

கரும்பலகை எழுதியது:

இடைத் தேர்வுத் தாள்களைத் திருத்தி முடித்த கையோடு எழுதியது இது. வகுப்பும் பரீட்சையும் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன, ஆனால் நம் பிள்ளைகளுக்குக் குழப்பம் மட்டும் தமிழில் வருகிறது, அதனால் கடிதத்தைத் தமிழில் எழுதிவிட்டேன். சுங்கை சிப்புட்டிலிருந்து படிவம் 6 முடித்துப் பொருளியல் பக்கம் போகிற பிள்ளைகளும் அவர்களுடைய அப்பா அம்மாவும் இங்கே இருப்பதால் போடுகிறேன். தப்பு இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்.

அன்புள்ள பிள்ளைகளே,

கேள்வி சின்னது. மத்திய வங்கியான பேங்க் நெகாரா பண அளிப்பைக் கூட்டினால் வட்டி விகிதம் என்ன ஆகும், வரைந்து விளக்குக. ஆறு மதிப்பெண். உங்களில் பலருக்கு இரண்டுதான் கிடைத்திருக்கிறது. படிக்காமல் வந்ததால் இல்லை, கை பழக்கத்தில் ஓடிவிட்டதால்.

முதல் பழக்கம் அச்சில். செங்குத்து அச்சில் P என்றும் கிடை அச்சில் Q என்றும் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள், தக்காளிச் சந்தைக்குப் போடுவதுபோல. பணச் சந்தையில் செங்குத்து அச்சில் வட்டி விகிதம், கிடை அச்சில் பணத்தின் அளவு. வட்டி என்று எழுதியவர்களிலும் சிலர் r போட்டிருக்கிறீர்கள். அது கடன்நிதிச் சந்தைப் படத்தில் வருகிற, விலைவாசி ஏற்றத்தைக் கழித்த உண்மை வட்டி. இங்கே அதைக் கழிக்காத பெயரளவு வட்டி, i. எழுத்துதானே என்று நினைக்காதீர்கள், காரணம் இருக்கிறது. சட்டைப் பையில் இருக்கும் நோட்டுக்கு வட்டி பூஜ்யம். கடன் பத்திரத்துக்கு 3 விழுக்காடு. விலைவாசி 2 விழுக்காடு ஏறினால் நோட்டையும் அது அரிக்கிறது, பத்திரத்தையும் அதே அளவு அரிக்கிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி அப்போதும் 3தான். நோட்டை வைத்திருப்பதால் நீங்கள் இழப்பது அந்த 3. ஆகவே பெயரளவு வட்டி.

இரண்டாவது, பண அளிப்புக் கோட்டை மேல்நோக்கிச் சாய்த்திருக்கிறீர்கள். அது நிமிர்ந்த கோடு. மத்திய வங்கி ஓர் அளவைத் தீர்மானித்துவிட்டது, வட்டி என்னவாக இருந்தாலும் அந்த அளவு மாறாது என்பது இந்தப் பாடத்தின் எடுகோள். நிமிர்ந்த கோடு வலது பக்கம் போகும், இடது பக்கம் போகும். அதற்கு மேல்நோக்கி அம்பு போட்டவர்களை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இனிதான் விஷயம். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்கூட விழுந்த குழி இது. பண அளிப்புக் கோடான MS ஐச் சரியாக வலது பக்கம் நகர்த்திவிட்டு, "வட்டி குறைந்ததால் மக்களின் பணத் தேவை கூடுகிறது" என்று எழுதி, பணத் தேவைக் கோடான MD ஐயும் வலது பக்கம் நகர்த்திவிட்டீர்கள். அந்த வாக்கியம் சரி. படம் தப்பு.

எண் போட்டுப் பார்ப்போம், கற்பனை எண்தான். பணத் தேவை இப்படி இருக்கட்டும், அளவு பில்லியன் வெள்ளியில்:

```
MD: Q = 900 - 100 i
MS: Q = 600
```

600 ஆக வேண்டுமானால் i = 3. இப்போது அளிப்பை 625 ஆக்குங்கள். 900 இல் 625 போனால் 275, நூறால் வகுத்தால் i = 2.75. மக்கள் முன்பு 600 வைத்திருக்க விரும்பினார்கள், இப்போது 625 வைத்திருக்க விரும்புகிறார்கள். தேவை கூடியது உண்மைதானே? ஆமாம், ஆனால் கோடு அசையவில்லை. அதே கோட்டில் மேலேயிருந்து கொஞ்சம் கீழே இறங்கினோம், அவ்வளவுதான். 3 விழுக்காட்டில் எவ்வளவு, 2.75 இல் எவ்வளவு, 2 இல் எவ்வளவு என்ற பதில்கள் எல்லாம் ஏற்கெனவே அந்தக் கோட்டுக்குள் இருக்கின்றன. வட்டி அச்சில் நிற்கிறது. அச்சில் நிற்பது கோட்டைத் தள்ளாது.

நம்பிக்கை வராவிட்டால் உங்கள் படத்தையே கணக்காக்குங்கள். தேவை 25 கூடியது என்று சொல்லி MD கோட்டை 25 நகர்த்தினால் அது Q = 925 - 100 i ஆகிறது. அளிப்பு 625. இப்போது i எவ்வளவு? 3. கிளம்பின இடத்துக்கே வந்துவிட்டீர்கள். வட்டி குறைந்ததால் தேவைக் கோடு நகர்ந்தது, நகர்ந்ததால் வட்டி குறையவே இல்லை. அப்படியானால் கோடு எதனால் நகர்ந்தது? நாலு தாளில் இந்தப் படத்தைப் பார்த்தேன், நாலிலும் i2 என்ற புள்ளியை i1 இன் மேலேயே எழுதிவிட்டுப் பக்கத்தில் "வட்டி குறைந்தது" என்று எழுதியிருந்தார்கள்.

MD கோடு நகர வேண்டுமானால் அச்சில் இல்லாத ஏதோ ஒன்று மாற வேண்டும். விலைவாசி ஏறுகிறது, வருமானம் கூடுகிறது. அல்லது தீபாவளி வருகிறது, வட்டி என்னவாக இருந்தாலும் கையில் நாலு காசு அதிகம் வேண்டும். அப்போது கோடு வலது பக்கம் போகும். அங்கேயும் ஒரு பெயரிடும் தப்பு செய்கிறீர்கள். தேவை Q = 950 - 100 i ஆனது, அளிப்பு 600 இலேயே நிற்கிறது. வட்டி 3.5 க்கு ஏறும். பணத்தின் அளவு? அதே 600. நிமிர்ந்த கோட்டின் மேலேயே மேலே போகிறோம். ஆனால் கிடை அச்சில் Q2 என்று ஒரு புள்ளியை எங்கேயோ வலது பக்கத்தில் குத்தி, புள்ளிக்கோடும் இழுத்திருக்கிறீர்கள். அந்த Q2 எந்த இரண்டு கோடும் சந்திக்காத இடம்.

மறுதேர்வு அடுத்த மாதம். வரைந்து கொண்டுவந்து காட்டுங்கள்.

---

செம்பனைக்காட்டுப்_பையன் எழுதியது:

சார், அந்த நாலு தாளில் ஒன்று என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும். படித்தபோது காது சுட்டது. எனக்கு இன்னும் ஒரு சந்தேகம். 625 கொடுத்தால் வட்டி 2.75 ஆகும் என்று கணக்கு சொல்கிறது, சரி. ஆனால் எப்படிக் குறைகிறது? யார் குறைக்கிறார்கள்? படத்தில் அம்பு கீழே போகிறது, ஆனால் நான் விளக்கத்தில் "ஆகவே வட்டி குறைகிறது" என்று மட்டும்தான் எழுதினேன், அதற்கும் மதிப்பெண் போய்விட்டது.

---

மளிகைக்கடை_மாமா எழுதியது:

தம்பி, இதில் என்ன சந்தேகம். வட்டி குறைந்தால் எல்லாரும் கடன் வாங்க ஓடுவார்கள், அதுதான் பணத் தேவை. 2025 ஜூலையில் பேங்க் நெகாராவின் கொள்கை வட்டியான ஓ.பி.ஆர். 3.00 இலிருந்து 2.75 க்கு இறங்கியதே, மறுநாளே என் கடைக்கு வந்த பாதிப் பேர் கார் கடன் பற்றித்தான் பேசினார்கள். என் வீட்டுக் கடன் தவணையும் குறைந்தது. எவ்வளவு தெரியுமா, 28 வெள்ளி. இன்னும் 2 லட்சம் பாக்கி, 25 வருஷம் இருக்கிறது, 28 வெள்ளி குறைத்திருக்கிறார்கள். பேங்கில் ஏமாற்றுகிறார்களா என்று சார் கொஞ்சம் சொல்லுங்கள்.

---

ஓவர்நைட்_அக்கா எழுதியது:

நான் கோலாலம்பூரில் ஒரு வங்கியின் கருவூலப் பிரிவில் பல வருஷம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பினவள். முதலில் மாமாவின் 28 வெள்ளி. ஏமாற்றவில்லை மாமா. உங்கள் வட்டி 4.25 இலிருந்து 4.00 ஆகியிருந்தால் 2 லட்சத்துக்கு 25 வருஷத்தில் தவணை ஏறக்குறைய 1,083 வெள்ளியிலிருந்து 1,056 வெள்ளிக்கு வரும். கால் விழுக்காடு என்றால் வருஷத்துக்கு 500 வெள்ளி, மாதம் 41 வெள்ளி குறைய வேண்டுமே என்றுதானே கேட்கிறீர்கள்? வட்டி குறைந்த இடத்தில் அசல் கொஞ்சம் அதிகமாகக் கழிகிறது, அதனால் தவணை முழுசாக அவ்வளவு இறங்காது.

ஆனால் மாமா, நீங்கள் சொன்ன "கடன் வாங்க ஓடுவார்கள்" என்பது இந்தப் படத்தில் இல்லவே இல்லை. தமிழில் "பணத் தேவை" என்று சொல்லும்போதே இந்தச் சிக்கல் வந்துவிடுகிறது. பணம் யாருக்குத்தான் தேவையில்லை? இங்கே கேள்வி அது இல்லை. ஏற்கெனவே உங்களிடம் இருக்கிற சொத்தில் எவ்வளவை நோட்டாகவும் நடப்புக் கணக்கிலும் வைத்திருக்கிறீர்கள், எவ்வளவை வட்டி வருகிற இடத்தில் போடுகிறீர்கள் என்பதுதான். உங்கள் கல்லாவில் 20,000 வெள்ளி சும்மா கிடக்கிறது என்று வையுங்கள். நிரந்தர வைப்புக்கு 3 விழுக்காடு கிடைத்தால் அந்தச் சும்மா கிடப்பதன் விலை வருஷத்துக்கு 600 வெள்ளி. 1 விழுக்காடுதான் கிடைக்கிறது என்றால் 200 வெள்ளி. 200 வெள்ளிக்காக யார் பேங்குக்கு அலைவது என்று விட்டுவிடுவீர்கள். கோடு கீழ்நோக்கிச் சாய்வதன் காரணம் அதுதான், கார் கடன் இல்லை.

---

மளிகைக்கடை_மாமா எழுதியது:

கல்லாவில் 20,000 எல்லாம் இல்லை அக்கா, ஊரில் திருடன் படிக்கிற இடத்தில் இப்படி எழுதாதீர்கள். ஆனால் புரிந்தது. என் அப்பா தோட்டத்தில் இருந்த காலத்தில் சம்பளத்தைத் தகர டப்பாவில்தான் வைத்திருப்பார், வட்டி எவ்வளவு என்று கேட்டதே இல்லை. அவருக்குக் கோடு நிமிர்ந்தே இருந்திருக்கும் போல.

---

கரும்பலகை எழுதியது:

மாமா விளையாட்டாகச் சொன்னாலும் அது சரியான பேச்சு. வட்டியைப் பார்த்து அசையாத ஆள் என்றால் அவருடைய தேவைக் கோடு கிட்டத்தட்ட நிமிர்ந்துதான் இருக்கும். எல்லாரையும் கூட்டிப் போட்ட கோட்டில்தான் சாய்வு வருகிறது.

தம்பிக்குப் பதில். அளிப்பு 625 ஆன அந்த நிமிடம் வட்டி இன்னும் 3 இல்தான் இருக்கிறது. 3 இல் மக்கள் வைத்திருக்க விரும்புவது 600. 25 மிச்சம், யாருக்கும் கையில் வைத்திருக்க விருப்பமில்லாத 25. அதைக் கொண்டுபோய்ப் பத்திரம் வாங்குகிறார்கள். ஒரு வருஷத்தில் 1,030 வெள்ளி தரும் பத்திரம் 1,000 வெள்ளிக்கு விற்றால் அதுதான் 3 விழுக்காடு. வாங்குகிறவர்கள் கூடினதும் விலை ஏறுகிறது, 1,002 வெள்ளி 43 சென் ஆகிறது என்று வையுங்கள். கடைசியில் கிடைப்பது அதே 1,030. கணக்குப் போட்டால் 2.75 விழுக்காடு. பத்திர விலை ஏறுவதும் வட்டி இறங்குவதும் ஒரே நிகழ்ச்சியின் இரண்டு பெயர். நீங்கள் எழுதாமல் விட்ட வாக்கியம் இதுதான், அதற்கு ஒரு மதிப்பெண்.

வரைபடத்தில் இதைக் காட்டவும் வழி உண்டு. பழைய i1 மட்டத்தில் MD கோட்டிலிருந்து புது MS கோடு வரைக்கும் ஒரு சின்ன இரட்டை அம்பு போட்டு "மிகை அளிப்பு" என்று எழுதுங்கள். நான் தாளில் அதைத்தான் தேடுகிறேன்.

---

கித்தாமரம் எழுதியது:

வணக்கம். பணச் சந்தை பற்றிப் பேசுவதால் கேட்கிறேன், ஏஜெண்டு ஒருவர் பணச் சந்தை ஃபண்டில் போடச் சொல்கிறார், நிரந்தர வைப்பைவிட நல்லது, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்கிறார். வரைபடம் பார்த்தால் இப்போது போடலாமா வேண்டாமா என்று தெரியுமா?

---

ஓவர்நைட்_அக்கா எழுதியது:

அண்ணே, அது வேறு. அந்த ஃபண்டு குறுகிய காலப் பத்திரங்களிலும் வைப்புகளிலும் பணத்தைப் போட்டு வைக்கிற திட்டம். இங்கே பேசுவது பாடப் புத்தகப் படம், இதைப் பார்த்து எதையும் வாங்காதீர்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன், வங்கி வைப்புக்கு இருக்கிற காப்பீடு இந்த ஃபண்டு போன்ற யூனிட் டிரஸ்டுக்குக் கிடையாது, அதை ஏஜெண்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

---

டியூஷன்_டீச்சர் எழுதியது:

நான் பட்டணத்தில் படிவம் 6 பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன், அதனால் கரும்பலகை சாரிடம் கொஞ்சம் சண்டை போடலாம் என்று வந்தேன். சார் கடிதம் ரொம்பக் கறார். MD கோடு நகரவே நகராது என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். வட்டி குறைந்தால் முதலீடு கூடும், முதலீடு கூடினால் வருமானம் கூடும், வருமானம் கூடினால் பணத் தேவை கூடும். ஆகவே MD வலது பக்கம் போவது சரிதானே? என் பிள்ளைகளுக்கு நான் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், இரண்டு கோடும் நகரும் என்று. அந்தத் தாள்களில் சில என் மாணவர்களுடையதாகவும் இருக்கலாம்.

---

கரும்பலகை எழுதியது:

டீச்சர், இது நல்ல கேள்வி, ஒரு பாதி உங்கள் பக்கம்தான். வருமானம் கூடினால் MD நகரும், நான் கடிதத்திலேயே எழுதியிருக்கிறேன். ஆனால் நீங்கள் சொன்ன சங்கிலியில் கோட்டைத் தள்ளுவது வருமானம், வட்டி இல்லை. வட்டி முதலீட்டைத் தொட்டு, முதலீடு வருமானத்தைத் தொட்டு, அது பல மாதம் கழித்து இங்கே திரும்பி வருகிறது. பிள்ளை அந்தச் சங்கிலியை எழுதி, இது இரண்டாம் சுற்று என்று சொல்லி, MD ஐக் கொஞ்சமாக நகர்த்தியிருந்தால் நான் மதிப்பெண் கொடுத்திருப்பேன். "வட்டி குறைந்ததால் தேவை கூடி MD நகர்ந்தது" என்று ஒரே தாவலில் எழுதினால் எப்படிக் கொடுப்பது?

இன்னொன்று, எவ்வளவு நகர்த்துகிறோம் என்பதும் முக்கியம். நான் போட்ட எண்ணில் MD ஐ 25 நகர்த்தினால் வட்டி 3 க்கே திரும்பும். அப்படித் திரும்பிவிட்டால் முதலீடு கூடியதன் காரணமே போய்விடுகிறது. 10 நகர்த்தினால் Q = 910 - 100 i, அளிப்பு 625, வட்டி 2.85. இறங்கின கால் விழுக்காட்டில் ஒரு பங்கு திரும்பி வந்தது, மீதி நின்றது. அப்படி வரைந்தால் நான் ஒப்புக்கொள்வேன்.

---

டியூஷன்_டீச்சர் எழுதியது:

10 என்று எங்கிருந்து எடுத்தீர்கள் சார்? அதுவும் கற்பனைதானே. 25 ஏன் கூடாது, 10 ஏன் கூடும்?

---

கரும்பலகை எழுதியது:

10 கற்பனைதான். 0 க்கும் 25 க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது மட்டும் கற்பனையில்லை, விலைவாசி மாறாதவரைக்கும். விலைவாசியும் சேர்ந்து ஏறிவிட்டால் நீண்ட காலத்தில் வட்டி பழைய இடத்துக்கே போகும் என்று சொல்கிறவர்கள் உண்டு, அது இரண்டாமாண்டுப் பாடம். முதலாண்டுத் தாளில் நான் ஒரு கோடு நகர்வதை மட்டும்தான் எதிர்பார்க்கிறேன். நீங்கள் உங்கள் வகுப்பில் இரண்டையும் சொல்லுங்கள், ஆனால் முதல் படத்தில் ஒன்று, அப்புறம் பக்கத்தில் இன்னொரு படம். இரண்டையும் ஒரே படத்தில் போட்டுக் குழப்பாதீர்கள்.

---

டியூஷன்_டீச்சர் எழுதியது:

இரண்டு படம் வரையத் தாளில் இடம் தந்தால்தானே. ஆறு மதிப்பெண்ணுக்கு அரைப் பக்கம் விட்டிருப்பார்கள். சரி, சங்கிலியை எழுத வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன், மற்றது எனக்கு இன்னும் உடன்பாடில்லை.

---

செம்பனைக்காட்டுப்_பையன் எழுதியது:

சார், அக்கா, இன்னொன்று. 2025 மே மாதம் பேங்க் நெகாரா, வங்கிகள் தன்னிடம் வைத்திருக்க வேண்டிய கட்டாய இருப்பான எஸ்.ஆர்.ஆர். விகிதத்தை 2 இலிருந்து 1 விழுக்காடாகக் குறைத்தது, வங்கிகளிடம் ஏறக்குறைய 19 பில்லியன் வெள்ளி விடுபட்டது என்று செய்தியில் வந்தது. நான் பயிற்சித் தாளில் அதை உதாரணமாகப் போட்டு, MS வலது பக்கம், வட்டி குறைகிறது என்று எழுதினேன். ஆனால் அதே நாள் ஓ.பி.ஆர். 3.00 இலேயே வைத்துவிட்டார்கள். ஜூலையில்தான் 2.75 ஆனது. அப்போது என் படம் தப்பா, பேங்க் நெகாரா தப்பா?

---

ஓவர்நைட்_அக்கா எழுதியது:

தம்பி, கேட்ட கேள்வியிலேயே பதில் பாதி இருக்கிறது. படம் "மற்றதெல்லாம் மாறாமல் இருந்தால்" என்று சொல்கிறது. மே மாதத்தில் மற்றது மாறாமல் இல்லை. எங்கள் வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். வங்கிகளுக்குள் ஒரு ராத்திரிக்குக் கடன் கொடுத்து வாங்குகிற வட்டியை பேங்க் நெகாரா ஓ.பி.ஆர். பக்கத்திலேயே வைத்திருக்கப் பார்க்கும். அதற்கு மேலே கால் விழுக்காடு ஒரு கூரை, கீழே கால் விழுக்காடு ஒரு தரை. 3.00 என்றால் 3.25 க்கும் 2.75 க்கும் நடுவில். வங்கிகளிடம் பணம் அதிகமாகக் கிடந்தால் ராத்திரி வட்டி தரையை நோக்கிச் சரியும், அப்போது பேங்க் நெகாரா வங்கிகளிடமிருந்து பணத்தைக் கடனாக உறிஞ்சிக்கொள்ளும். குறைந்தால் ஊற்றும். எஸ்.ஆர்.ஆர். குறைந்து 19 பில்லியன் விடுபட்டாலும், வட்டியை 3.00 இல் வைக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்கு மற்றக் கருவிகளால் சரி செய்துவிடலாம். எஸ்.ஆர்.ஆர். என்பது வட்டி நிலைப்பாட்டைக் காட்டும் சைகை இல்லை, வங்கி அமைப்பில் பணப்புழக்கத்தை நிர்வகிக்கும் கருவி என்று பேங்க் நெகாராவே சொல்கிறது.

ஆக, நேர்மையாகச் சொன்னால் இன்றைக்கு பேங்க் நெகாரா தீர்மானிப்பது அளவை இல்லை, வட்டியை. அளவு பின்னால் வருகிறது. அப்படிப் பார்த்தால் MS கோடு நிமிர்ந்த கோடே இல்லை, 3.00 இல் படுத்துக் கிடக்கிற கோடு. கரும்பலகை சார் சொன்ன தீபாவளிக் கதையிலும் வட்டி 3.5 க்கு ஏறாது. பண்டிகைக்கு வங்கிகள் நோட்டு அதிகம் கேட்கும், பேங்க் நெகாரா கொடுத்துவிடும், Q2 உண்மையாகவே வலது பக்கம் போகும். சார் தப்பென்று கோடு போட்ட அந்தப் பிள்ளைகள் உலகத்தைச் சரியாகத்தான் வரைந்திருக்கிறார்கள்!

---

மளிகைக்கடை_மாமா எழுதியது:

ஆஹா, சார் மாட்டிக்கொண்டார்.

---

கரும்பலகை எழுதியது:

மாட்டிக்கொள்ளவில்லை மாமா, ஆனால் அக்கா சொன்னது உண்மை. இந்தப் பாடம் மத்திய வங்கிகள் பணத்தின் அளவைப் பார்த்து நடந்த காலத்து வாசனையோடு இருக்கிறது. பேங்க் நெகாரா 2004 ஏப்ரலிலேயே ஓ.பி.ஆர். என்ற வட்டியைக் கொள்கைக் குறியாக அறிவித்துவிட்டது, நாங்கள் இன்னும் நிமிர்ந்த கோட்டில் நிற்கிறோம்.

ஆனால் ஒன்று பாருங்கள் அக்கா. அந்தப் பிள்ளைகள் கோட்டைப் படுக்கவைத்து வரைந்து Q2 போட்டிருந்தால் நான் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன். அவர்கள் வரைந்தது நிமிர்ந்த கோடு, எழுதியது வட்டி ஏறுகிறது என்று, போட்டது Q2. ஒரே படத்தில் அளவு மாறாது என்றும் மாறியது என்றும் சொல்ல முடியாது. ஓ.பி.ஆர். 3.00 இல் நிற்கிறது என்று சொல்ல வேண்டுமானால் நிமிர்ந்த கோட்டிலேயே இன்னொரு வழி உண்டு. தீபாவளிக்கு MD வலது பக்கம், Q = 950 - 100 i. வட்டியை 3 இல் வைக்க பேங்க் நெகாரா MS ஐ 600 இலிருந்து 650 க்கு நகர்த்துகிறது. இரண்டு கோடும் நகர்கிறது, வட்டி அதே 3, அளவு 650. இங்கே இரண்டு கோடு நகர்வது சரி, ஏனென்றால் இரண்டையும் தள்ளியது அச்சில் இல்லாத காரணம். ஒன்றைப் பண்டிகை, மற்றொன்றை மத்திய வங்கியின் முடிவு.

தம்பி, உன் மே மாதப் படமும் அப்படித்தான். எஸ்.ஆர்.ஆர். குறைப்பு MS ஐ வலது பக்கம் தள்ளுகிறது, உறிஞ்சுதல் திரும்ப இடது பக்கம் இழுக்கிறது. கேள்வி "எஸ்.ஆர்.ஆர். குறைந்தால்" என்று மட்டும் கேட்டால் முதல் நகர்வை வரை. "2025 மே மாதத்தில் நடந்ததை" என்று கேட்டால் இரண்டையும் வரை.

---

ஓவர்நைட்_அக்கா எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் முதலாண்டிலேயே படுத்த கோட்டைக் காட்டிவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிள்ளைகள் செய்தி படிக்கிறார்கள், செய்தியில் வருவது வட்டி முடிவு, அளவு முடிவு இல்லை. நிமிர்ந்த கோட்டைப் படித்துவிட்டு வங்கிக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதல் வாரம் முழுக்க அதை மறக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

---

டியூஷன்_டீச்சர் எழுதியது:

அக்கா, பாடத்திட்டம் நிமிர்ந்த கோடு என்று கேட்கும்போது நான் படுத்த கோட்டைக் காட்டினால் பெற்றோர் என் வீட்டு வாசலில் நிற்பார்கள்.

---

செம்பனைக்காட்டுப்_பையன் எழுதியது:

சார், திரும்ப வரைந்தேன், படம் ஏற்ற முடியவில்லை, இங்கே லைன் மெதுவாக இருக்கிறது, தோட்டத்துக்குள் எப்போதும் இப்படித்தான். எழுத்தில் சொல்கிறேன். செங்குத்து அச்சில் i, விழுக்காடு. கிடை அச்சில் Q. MS1 600 இல் நிமிர்ந்த கோடு, MS2 625 இல், நடுவில் வலது பக்க அம்பு. MD ஒன்றுதான், தொடவில்லை. E1 இலிருந்து 3 க்கும் 600 க்கும் புள்ளிக்கோடு, E2 இலிருந்து 2.75 க்கும் 625 க்கும். 3 விழுக்காட்டு மட்டத்தில் 600 முதல் 625 வரைக்கும் மிகை அளிப்பு என்று இரட்டை அம்பு. விளக்கத்தில் பத்திர விலை ஏறுகிறது என்று எழுதிவிட்டேன்.

---

கரும்பலகை எழுதியது:

நன்று. கிடை அச்சில் அளவு எதில் என்று எழுதவில்லை. 600 என்ன, வெள்ளியா, பில்லியன் வெள்ளியா? 600 வெள்ளியாக இருந்தால் அது மாமாவின் கல்லா.

---

மளிகைக்கடை_மாமா எழுதியது:

கல்லாவில் அவ்வளவும் இல்லை என்று சொன்னேனே சார்.